பதினொரு நாள் வித்தியாசம்

2025ஆம் ஆண்டு மகாசிவராத்திரி பெப்ரவரி 26, புதன்கிழமை வந்தது. 2026இல் அது பெப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. திருக்கேதீஸ்வரத்தில் பாலாவித் தீர்த்தம் எடுத்து மகாலிங்கத்துக்குத் தம் கையாலேயே அபிஷேகம் செய்ய வருகிற அடியார்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. பஞ்சாங்கம் பார்த்து வந்துவிடுவார்கள். கோயில் வீதியில் கடை வைத்திருப்பவருக்கும் தெரியும். தெரியாமல் இருக்கக்கூடியது ஒன்று உண்டு. தொலைவில் எங்கோ உட்கார்ந்து, போன வருடம் இதே வாரத்தில் மன்னாருக்கு எத்தனை பெட்டி தண்ணீர்ப் போத்தல் போனது என்று பார்த்து இந்த வருடத்துக்கான ஒதுக்கீட்டைக் கணக்கிடும் கணினிதான் அது. அந்தக் கணக்கை அப்படியே நம்பினால், சரக்குக் குவிவது பெப்ரவரி கடைசி வாரத்தில். சிவராத்திரி முடிந்து பதினொரு நாள் கழித்து.

இந்தச் சிறு வித்தியாசத்தைச் சரிசெய்யத் தேவையான தகவல் கடைக்காரரின் தலைக்குள் இருக்கிறது. அது தேவைப்படுவது உற்பத்தியாளருக்கு. இடையில் மன்னார் நகரத்து விநியோகஸ்தர் இருக்கிறார், அவருக்கு மேலே நிறுவனத்தின் களஞ்சியம் இருக்கிறது. இத்தனை கைகளைத் தாண்டி மேலே போய்ச் சேர்வது ஓடர் என்ற ஒற்றை எண் மட்டும்தான். அந்த எண் உண்மையை எவ்வளவு திரித்துவிடும் என்பதை ஒரு சிறிய கணக்கிலேயே காணலாம்.

ஒரு கடையில் வாரம் 140 போத்தல் விற்கிறது என்று கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் அமைத்த கணக்கு. வாரத்துக்கு ஒருமுறை லொறி வரும். கடைக்காரர் எப்போதும் இரண்டு வார விற்பனைக்குப் போதுமான அளவை, அதாவது 280 போத்தலை, இருப்பில் வைத்திருக்க விரும்புகிறார். விநியோகஸ்தரும் அதே விதியைப் பின்பற்றுகிறார். தன்னிடம் வரும் ஓடரைப் போல இரண்டு மடங்கு இருப்பு வைத்துக்கொள்வார். இருவரும் நிதானமானவர்கள், பேராசைக்காரர்கள் அல்ல.

ஒரு வாரம் விற்பனை 160 ஆகிறது. இருபது போத்தல்தான் கூடுதல். கடையில் மிஞ்சுவது 120. இனி வாரம் 160 போகும் என்று கடைக்காரர் எண்ணுகிறார். அப்படியானால் இருப்பு 320 இருக்க வேண்டும். ஆகவே 200 கேட்கிறார். விநியோகஸ்தருக்கு இருபது போத்தல் கதை தெரியாது. அவர் காண்பது, 140 கேட்டுவந்த கடை திடீரென்று 200 கேட்பதை. தன்னிடமிருந்த 280இல் 200ஐ அனுப்பிவிட்டு 80ஐ வைத்திருக்கிறார். புதிய விதிப்படி அவருக்கு 400 வேண்டும். நிறுவனத்திடம் 320 கேட்கிறார். சந்தையில் 160 விற்ற அதே வாரத்தில் தொழிற்சாலைக்கு எட்டிய தேவை 320.

அடுத்த வாரம் விற்பனை பழையபடி 140. கடையில் 180 மிஞ்சியிருக்கிறது, தேவையான இருப்பு 280, ஆகவே ஓடர் 100. விநியோகஸ்தரிடம் 400 வந்து சேர்ந்திருந்தது. 100 போக 300 மிச்சம். அவருக்கு இப்போது 200 போதும். அவர் நிறுவனத்திடம் எதுவுமே கேட்கவில்லை. அடியில் 140, 160, 140 என்று சற்றே அசைந்த விற்பனை, உச்சியில் 140, 320, 0 என்று துள்ளுகிறது. சாட்டையின் பிடி சற்று அசைந்தால் நுனி வெகுதூரம் வீசும் அல்லவா, அதனால் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். இந்தக் கணக்கில் எவரும் தவறு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் முடிவெடுத்தார்கள்.

புரொக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இதைத் தன் பாம்பர்ஸ் குழந்தை அணையாடையிலேயே கண்டது. குழந்தைகள் அணையாடை பயன்படுத்தும் வேகம் வாரத்துக்கு வாரம் மாறுவதில்லை, கடை விற்பனையும் ஏறக்குறைய சீராகவே இருந்தது. ஆனால் விநியோகஸ்தர்களின் ஓடர்கள் ஏறி இறங்கின. நிறுவனம் தன் மூலப்பொருளுக்குக் கொடுத்த ஓடர்களோ அதைவிட மோசமாக ஆடின. 1997இல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இந்த ஆட்டத்துக்கு நான்கு காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். மேலே பார்த்ததைப் போல ஓடரையே தேவை என்று எடுத்துக்கொண்டு முன்கணிப்பது முதலாவது. சேர்த்துவைத்து மொத்தமாக ஓடர் போடுவது இரண்டாவது. விலைக்கழிவு வரும்போது அள்ளிக்கொள்வது மூன்றாவது. நான்காவது, தட்டுப்பாடு வரும் என்ற பயத்தில் தேவைக்கு மேல் கேட்பது.

நான்காவதை இலங்கை வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. 2022இல் எரிபொருள் நிரப்பு நிலையங்களுக்கு முன்னால் நின்ற வரிசைகளை நாம் மறக்கவில்லை. அரைத் தாங்கி எரிபொருள் இருந்தவரும் வரிசையில் நின்றார், ஏனென்றால் அடுத்த பவுசர் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. வரிசையின் நீளத்தைப் பார்த்து உண்மையான தேவையைச் சொல்லிவிட முடியாது. அதில் தேவையும் பயமும் கலந்திருந்தன. அந்த ஆண்டு ஜூலையில் அறிமுகமான கியூஆர் முறை ஒவ்வொரு வாகனத்துக்கும் வாராந்த ஒதுக்கீட்டை உறுதிசெய்தது. எந்த நிலையத்தில் எவ்வளவு விற்றது என்ற பதிவும் அதனோடு சேர்ந்தே கிடைத்தது. பங்கீட்டுக்காக வந்த ஏற்பாடுதான், ஆனால் நம் பொருளுக்கு நெருங்கிய பாடம் அதில் உண்டு. தனக்குரியது வந்து சேரும் என்று தெரிந்தவர் பதுக்க ஓடுவதில்லை. வழங்குபவருக்கும் வரிசையை விட்டு விற்பனையைப் பார்க்க முடிகிறது.

இனி நம் கணக்குக்குத் திரும்பி, கடைக்காரர் தன் விற்பனை எண்ணை விநியோகஸ்தருக்கு வாராவாரம் அனுப்புகிறார் என்று வைப்போம். விநியோகஸ்தர் இப்போது 200 என்ற ஓடரை வைத்து இருப்பைத் தீர்மானிக்காமல், 160 என்ற விற்பனையை வைத்துத் தீர்மானிக்கிறார். அவருக்கு வேண்டிய இருப்பு 320, கையில் 80, ஆகவே ஓடர் 240. அடுத்த வாரம் அது 60. முன்னர் 320இலிருந்து சுழிக்கு விழுந்தது இப்போது 240இலிருந்து 60க்கு இறங்குகிறது. நல்ல முன்னேற்றம். ஆனாலும் இருபது போத்தலுக்காக இத்தனை ஆட்டம் எதற்கு? விற்பனைத் தரவைப் பகிர்ந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று மென்பொருள் விற்பவர்கள் சொல்வதை நான் ஏற்காததற்குக் காரணம் இந்த மிச்ச ஆட்டம்தான்.

ஏன் 160 ஆயிற்று என்று கடைக்காரரைக் கேட்டால் சொல்லியிருப்பார்: பக்கத்து வீட்டில் ஒரு விசேஷம், இருபது போத்தல் வாங்கிப்போனார்கள், இனி வராது. அந்த ஒரு வாக்கியம் விநியோகஸ்தரின் காதுக்கும் எட்டியிருந்தால் எவரும் தன் இருப்பு அளவை மாற்றியிருக்கமாட்டார்கள். கடை 160 கேட்டிருக்கும், விநியோகஸ்தரும் 160 கேட்டிருப்பார், அடுத்த வாரம் இருவருக்கும் 140. எண் என்ன நடந்தது என்பதை மட்டுமே சொல்லும். ஏன் நடந்தது, இனியும் நடக்குமா என்பவை அதில் இல்லை. தரவுப் பகிர்வு என்பதும் கூட்டுத் திட்டமிடல் என்பதும் பிரியும் இடம் இதுதான்.

இந்தப் பிரிவை முன்னோடியாகச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் வோல்மார்ட்டும், லிஸ்டரின் வாய்கொப்பளிப்பான் செய்த வோர்னர்-லாம்பேர்ட் நிறுவனமும். வோல்மார்ட் அதற்கு முன்பே, 1980களின் கடைசியிலிருந்து, புரொக்டர் அண்ட் கேம்பிளுடன் விற்பனைத் தரவைப் பகிர்ந்து வந்தது. 1990களின் நடுவில் லிஸ்டரினில் செய்தது அடுத்த படி. இரு நிறுவனமும் தனித்தனியே தம் முன்கணிப்பை எழுதின. வோல்மார்ட்டுக்கு எந்த வாரம் எந்தக் கடையில் விலைக்குறைப்பு வரப்போகிறது என்று தெரியும். உற்பத்தியாளருக்குத் தன் விளம்பரம் எப்போது ஓடும், தொழிற்சாலையில் எவ்வளவு செய்ய முடியும் என்று தெரியும். இரண்டு கணிப்புகளையும் பக்கத்தில் வைத்து, எங்கே பெரிதாக வேறுபடுகின்றன என்று மட்டும் பார்த்துப் பேசித் தீர்த்தார்கள். வெளியான கணக்கின்படி, தட்டில் லிஸ்டரின் இருந்த வீதம் 85இலிருந்து 98 சதவீதமானது, ஓடர் கொடுத்துச் சரக்கு வந்து சேர எடுத்த காலம் 21 நாளிலிருந்து 11 நாளாகக் குறைந்தது. 1998இல் இந்த முறைக்கு ஒன்பது படிகள் கொண்ட பொது வழிகாட்டியொன்று அமெரிக்கச் சில்லறை வணிகத் துறையில் வெளியானது.

ஒன்பது படிகளையும் அடுக்கிக்காட்டுவதைவிட, சிவராத்திரியை வைத்து அவற்றை நடத்திப் பார்ப்பது பயனுள்ளது. இதுவும் என் கணக்குத்தான். இந்த முறை 140 போத்தல் கடையை விட்டுவிட்டுக் கோயில் வீதியில் சற்றுப் பெரிய கடையொன்றை எடுத்துக்கொள்வோம்.

சிவராத்திரிக்கு ஆறு வாரம் முன்பு கடைக்காரரும் விநியோகஸ்தரும் ஒரு நாட்காட்டியை முன்னால் வைத்து உட்காருகிறார்கள். முதல் வேலை, போன வருட விற்பனையை மாதத் தேதியோடு ஒப்பிடாமல் சிவராத்திரியோடு ஒப்பிடுவது. முந்திய நாள், அன்று, மறுநாள் என்று வரிசைப்படுத்தினால் பதினொரு நாள் சிக்கல் அவிழ்ந்துவிடும். பிறகு இருவரும் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் தம் கணிப்பை எழுதுகிறார்கள். விநியோகஸ்தர் போன வருடத்தை வைத்து மூன்று நாளுக்கும் சேர்த்து 400 என்கிறார். கடைக்காரர் 900 என்கிறார்.

இருபது சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் மட்டும் பேசுவது என்று முன்பே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த எல்லை மிக அவசியம். கடையில் நூற்றுக்கணக்கான சாமான்கள் இருக்கும்போது எல்லாவற்றையும் பேச நேரமில்லை. உப்பும் தீப்பெட்டியும் எல்லைக்குள் நின்றுவிடும், அவற்றைத் தொடவேண்டியதில்லை. தண்ணீர்ப் போத்தல் எல்லையைத் தாண்டிவிட்டது.

ஏன் 900? போன வருடம் சிவராத்திரி புதன்கிழமை, இந்த முறை ஞாயிறு, வெளியூர்க்காரர் சனிக்கிழமையே வந்துவிடுவார்கள் என்கிறார் கடைக்காரர். போன வருடம் சாயங்காலத்திலேயே போத்தல் முடிந்துபோனது, இன்னும் இருந்திருந்தால் விற்றிருக்கும் என்றும் சொல்கிறார். விநியோகஸ்தரின் பதிவில் அந்த இரண்டாவது செய்தி கிடையாது. அவர் பங்குக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறார்: இந்த முறை வீதியில் இரண்டு தண்ணீர்ப்பந்தல்கள் போடப்போகிறார்கள், அதற்கான ஓடர் தன்னிடம் வந்திருக்கிறது. இருவரும் 650இல் உடன்படுகிறார்கள். இந்த 650 இரண்டின் சராசரியோடு ஒத்துப்போனாலும், சராசரி எடுத்து வந்த எண் என்று நினைக்கக்கூடாது. 400ஐ மேலே தள்ளிய காரணமும் 900ஐக் கீழே இழுத்த காரணமும் தாளில் பக்கத்திலேயே எழுதப்படுகின்றன, அடுத்த வருடம் பார்ப்பதற்கு.

பிறகு வருவது நிரப்பும் திட்டம். 650 போத்தலை வைக்கக் கடையில் இடமில்லை. வியாழக்கிழமை லொறியில் 450 வரும். மீதி 200 மன்னாரில் விநியோகஸ்தரின் களஞ்சியத்தில் இந்தக் கடையின் பெயரில் நிற்கும். சனிக்கிழமை மதியம் கடைக்காரர் அதுவரை விற்ற எண்ணிக்கையை அனுப்புவார், அதைப் பார்த்து அன்று பின்னேரமே பாலத்தைக் கடந்து சரக்கு வரும், அல்லது வராது. மற்றச் சாமான்களுக்கு நேரம் வேறு. உபவாசம் இருப்பவர் இரவில் பிஸ்கட் தேடமாட்டார், பாரணை முடிகிற மறுநாள் காலையில் தேநீரோடு தேடுவார். ஆகவே பிஸ்கட் பெட்டிகள் சனிக்கிழமையே வந்து போத்தலின் இடத்தை அடைக்கத் தேவையில்லை. ஓடரை எந்த நாளுக்குப் பிறகு மாற்றக்கூடாது என்பதும் இங்கே முடிவாகும். அந்த நாளுக்குப் பின் கடைக்காரர் மனம் மாறினால் செலவு அவருடையது. விநியோகஸ்தர் அனுப்பத் தவறினால் பொறுப்பு அவருடையது. இந்தப் பொறுப்புப் பிரிவு இல்லாத கணிப்பு வெறும் விருப்பமாகவே நின்றுவிடும்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் தரவு ஏமாற்றக்கூடிய இடங்கள் உண்டு. மிக ஆபத்தானது சுழி. ஒரு நாளின் விற்பனை 0 என்று பதிவாகியிருந்தால் யாரும் வாங்கவில்லை என்று பொருளா, விற்கச் சரக்கு இல்லை என்று பொருளா? போன வருடச் சாயங்காலம் போத்தல் முடிந்தபோது நடந்தது இரண்டாவது. கணினி அதை முதலாவதாகப் படித்தால் இந்த வருடமும் குறைவாக அனுப்பும், மறுபடி தீர்ந்துபோகும், மறுபடி குறைவான விற்பனை பதிவாகும். பற்றாக்குறை தன்னைத்தானே நியாயப்படுத்திக்கொண்டு வருடாவருடம் தொடரும். ஆகவே விற்பனையை மட்டும் அனுப்பினால் போதாது. அந்த நாளின் முடிவில் எவ்வளவு மிஞ்சியது என்பதும், எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்பதும் உடன்போக வேண்டும்.

இருப்புப் பதிவே பொய்யாகவும் இருக்கலாம். அமெரிக்கச் சில்லறை நிறுவனம் ஒன்றின் 37 கடைகளில் ஏறக்குறைய 370,000 இருப்புப் பதிவுகளை டீஹொரேஷியஸ், ராமன் என்ற இரு ஆய்வாளர்கள் நேரில் எண்ணிய கணக்கோடு ஒப்பிட்டார்கள். 65 சதவீதம் பொருந்தவில்லை. உடைந்தது, களவுபோனது, வேறு தட்டில் வைக்கப்பட்டது, ஒன்றின் பெயரில் இன்னொன்றை விற்றது என்று காரணங்கள் பல. கணினி 24 இருக்கிறது என்று நம்பும்வரை புதிதாக எதுவும் அனுப்பாது, தட்டோ வெறுமையாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தினமும் விற்கும் பொருள், இருப்பு உண்டு என்று பதிவு சொல்லும்போதே தொடர்ந்து சில நாள் ஒன்றுகூட விற்காவிட்டால், போய்த் தட்டைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே சரக்கு இருக்காது.

மூன்றாவது சிக்கல் எண்ணில் இல்லை, சம்பளத்தில் இருக்கிறது. விற்பனைப் பிரதிநிதிக்கு மாத இலக்கு இருக்கும். மாதக் கடைசி நெருங்கும்போது அவர் கடைக்கு வந்து, அண்ணை, இன்னும் இருபது பெட்டி எடுங்கோ, கழிவு போட்டுத் தாறன் என்பார். கடைக்காரர் எடுப்பார். அடுத்த மாதம் முதல் இரண்டு வாரம் ஓடர் இருக்காது. இருவரும் உட்கார்ந்து போட்ட திட்டம் அந்த ஒரு பின்னேரத்தில் உடைந்துபோகும். இதில் பிரதிநிதியைக் குறைசொல்வது அநியாயம். கடைக்குள் எவ்வளவு தள்ளினார் என்பதற்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, கடையிலிருந்து எவ்வளவு விற்றது என்பதில் அவர் அக்கறை காட்டவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. கூட்டுத் திட்டமிடலில் இறங்கும் நிறுவனம் முதலில் திருத்தவேண்டியது இந்த இலக்கின் அளவுகோலை. அதைத் தொடாமல் மென்பொருள் வாங்கிய முயற்சிகள் தோற்றுப்போவதில் எனக்கு வியப்பில்லை.

கடைக்காரரின் தயக்கமும் நியாயமானது. தன் விற்பனை விவரம் வெளியே போனால் எதிர்க்கடைக்குத் தெரிந்துவிடுமா, நன்றாக விற்கிறது என்று கண்டு கடன் தவணையைக் குறைத்துவிடுவார்களா, நிறுவனமே பக்கத்தில் இன்னொரு முகவரை நியமித்துவிடுமா என்று அவர் அஞ்சுவார். வோல்மார்ட் அளவுள்ள வணிகர் தரவைக் கொடுக்கும்போது நிபந்தனையும் விதிக்க முடியும். சிறுகடைக்காரரால் முடியாது. ஆகையால் என்ன தரவு போகும், யார் பார்ப்பார்கள், எதற்கு மட்டும் பயன்படுத்தலாம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைப்பது சடங்கு அல்ல. ஒன்பது படிகளில் முதலாவதாக இந்த உடன்படிக்கையை வைத்திருப்பதும் சரியே. பெறுவதற்கும் ஏதாவது இருக்க வேண்டும்: விற்காத சரக்கைத் திருப்பி எடுப்பது, தட்டுப்பாடு வந்தால் தரவு தந்த கடைக்கு முதலில் ஒதுக்குவது போன்றவை.

பட்டைக்கோடு படிக்கும் இயந்திரம் இல்லாத கடையில் இதெல்லாம் நடக்குமா என்ற கேள்வி வரும். தொடங்குவதற்கு இயந்திரம் தேவையில்லை. வாரத் தொடக்கத்தில் இருந்த எண்ணிக்கையோடு வாரத்தில் வந்ததைக் கூட்டி, வாரக் கடைசியில் மிஞ்சியதையும், தனியே குறித்துவைத்த உடைந்ததையும் விற்காமல் கைமாற்றாகக் கொடுத்ததையும் கழித்தால் கிடைப்பது விற்பனை. அதிகம் அசையும் பத்துப் பன்னிரண்டு சாமான்களுக்கு மட்டும் இதை ஒரு கொப்பியில் எழுதி, படமெடுத்து விநியோகஸ்தரின் கைப்பேசிக்கு அனுப்பலாம். எல்லாச் சாமானுக்கும் இது தகாது. சீராக விற்கும், கெட்டுப்போகாத, மலிவான பொருளுக்கு இரண்டு வார இருப்பே போதிய பாதுகாப்பு. விசேஷத்தோடு துள்ளுகிற, விரைவில் காலாவதியாகிற, இடத்தை அடைக்கிற பொருளுக்குத்தான் உட்கார்ந்து பேசும் நேரம் கட்டுப்படியாகும். சிவராத்திரி முடிந்த வாரம் இருவரும் மறுபடி அந்தத் தாளை எடுத்து, 650 என்று எழுதியதற்குப் பக்கத்தில் உண்மையில் விற்றதையும், ஞாயிற்றுக்கிழமைக் காரணம் எவ்வளவு பலித்தது, தண்ணீர்ப்பந்தல் எவ்வளவு குறைத்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.